32 பிட் நிலைபொருள், 64 பிட் செயலி: இந்த நிலைக்கு என்ன பெயர்?

குளச்சல்:
அண்ணே, நிறுவல் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். கையில் இருப்பது Z3735F செயலியும் 1 ஜிபி நினைவகமும் உள்ள டேப்லெட். செயலி 64 பிட். ஆனால் 64 பிட் லினக்ஸ் போட்ட பென்டிரைவை அது கண்டுகொள்வதேயில்லை. டெபியன் 12-இன் 32 பிட் படிமமான i386-ஐப் போட்டதும் உடனே எழுந்துவிட்டது.

மார்த்தாண்டம்:
அப்படியானால் செயலியே 32 பிட்டாகத்தான் இருக்கும். இல்லையென்றால் BOOTX64.EFI கோப்பை BOOTIA32.EFI என்று பெயர் மாற்றிப் பாருங்கள்.

நாகர்கோவில்:
தம்பி சொன்ன கோப்புப் பெயர் சரிதான். டேப்லெட்டை எழுப்பும் இந்த நிலைபொருள் `EFI/BOOT` அடைவில் BOOTIA32.EFI-யைத்தான் தேடும். ஆனால் பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது 64 பிட் நிரல். 32 பிட் நிலைபொருள் அதை ஓட்டாது. செயலியில் குறையில்லை, `lscpu` கொடுத்தால் 32, 64 இரண்டையும் காட்டும்.

தக்கலை:
என் பழைய லேப்டாப்பிலும் இப்படித்தான். செட்டப்பில் Legacy என்று மாற்றினேன், சரியாகிவிட்டது.

நாகர்கோவில்:
அக்கா, உங்களுடையதில் பழைய பயாஸ் வழியும் இருந்தது. இவ்வகை டேப்லெட்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

குளச்சல்:
சரி, சொல்லுக்கு வருவோம். ‘கலப்பு முறை’ என்று எழுதலாமா?

நாகர்கோவில்:
வேண்டாம். கெர்னலில் `CONFIG_EFI_MIXED` என்று ஒரு தெரிவு 2014-இல் 3.15 பதிப்போடு வந்தது. 64 பிட் கெர்னல் 32 பிட் நிலைபொருளோடு பேசுவதற்கான ஏற்பாடு அது. கலப்பு முறை என்ற பெயர் அதற்கே உரியது. நீங்கள் போட்டது 32 பிட் கெர்னல். அங்கே கெர்னலும் நிலைபொருளும் ஒரே அளவு, எதுவும் கலக்கவில்லை. பொருந்தாமல் நிற்பது செயலியும் நிலைபொருளும். அதனால் ‘பிட் முரண்’ என்பேன்.

தக்கலை:
முரண் என்றால் கருவி பழுது என்று வாங்கியவர் பயந்துவிடுவார். ‘பிட் வேறுபாடு’ போதும். ‘செயலி’யையும் மாற்றுங்கள். இப்போது எல்லோரும் போன் ஆப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ‘நுண்செயலி’ என்றால் குழப்பமில்லை.

நாகர்கோவில்:
நுண்செயலிக்குச் சம்மதம். ‘வேறுபாடு’ எனக்கு உறைக்கவில்லை; பென்டிரைவ் எழாமல் போவதற்குக் காரணமே அந்தப் பொருந்தாமைதான்.

மார்த்தாண்டம்:
64 பிட்டே போட்டிருக்கலாமே அண்ணே?

நாகர்கோவில்:
போடலாம். டெபியன் 12-இன் amd64 படிமத்திலேயே 32 பிட் துவக்க ஏற்றியும் இருக்கிறது. ஆனால் 1 ஜிபியில் 32 பிட் அமைப்புக்கு நினைவகம் குறைவாகச் செலவாகும், அதனால் இவர் செய்தது சரி. ஒன்றைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்: டெபியன் 13-இல் i386 நிறுவி இல்லை. அடுத்த பதிப்புக்குப் போகிறவர் 64 பிட்டுக்கு மாறியாக வேண்டும். அப்போதுதான் கலப்பு முறை தேவைப்படும்.

குளச்சல்:
நிறுவி முடித்துப் பார்த்தேன்:

```
$ cat /sys/firmware/efi/fw_platform_size
32
$ uname -m
i686
```

வைஃபை இன்னும் எழவில்லை, அதைத் தனியாகக் கேட்கிறேன். கையேட்டில் இப்போதைக்கு ‘பிட் முரண்’ என்று எழுதி, பக்கத்தில் அக்காவின் சொல்லையும் வைக்கிறேன்.

தக்கலை:
வையுங்கள். என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது.