ரீலைத் திறந்ததும் தள்ளிவிடுகிறார்கள்: முதல் மூன்று நொடிக்கு என்ன எழுதுவது?

கன்றுக்காரன், போச்சம்பள்ளி:
வணக்கம். எங்கள் மாங்கன்று நாற்றங்காலைப் பற்றி ரீல் போடுகிறேன். யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. முதல் மூன்று நொடியில் என்ன பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவசரமாகச் சொல்லுங்கள். இன்று மாலை அடுத்ததைப் போட வேண்டும்.

காவேரிப்பட்டணத்தான்:
எந்தச் செயலியில் போடுகிறீர்கள், ரீல் எத்தனை நொடி, இப்போது எப்படித் தொடங்குகிறீர்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லையே, அண்ணா?

அரூர் ஸ்டூடியோ:
பேச்சை விடுங்கள். அந்த வாரம் எல்லோரும் போடும் பாட்டைப் பின்னால் ஓடவிட்டால் போதும். நான் கல்யாண ரீல்களுக்கு அப்படித்தான் செய்கிறேன், தாலி கட்டும் காட்சியில் யாரும் தள்ளுவதில்லை.

பழைய எடிட்டர்:
கேள்வி கேட்கவே தெரியாதவர் ரீல் எழுதக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும். ரீலின் இன்சைட்ஸைத் திறந்து, பார்வையாளர் எந்த நொடியில் குறைகிறார்கள் என்று கோட்டைப் பார்த்தீர்களா? முதல் மூன்று நொடிக்குள் செங்குத்தாக இறங்கினால் தொடக்கம் கெட்டிருக்கிறது, ஏழெட்டாம் நொடியில் இறங்கினால் தொடக்கத்தில் சொன்னதை நீங்கள் கொடுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

கன்றுக்காரன், போச்சம்பள்ளி:
மன்னிக்கவும். இன்ஸ்டாகிராம், 40 நொடி. கோடு இரண்டாம் நொடியிலேயே இறங்குகிறது. நான் பேசுவது இது: “வணக்கம் நண்பர்களே, நம் நாற்றங்காலுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறேன், மாங்கன்றில் ஒட்டுக் கட்டும்போது பலரும் செய்யும் ஒரு தவறை இன்றைக்குப் பார்ப்போம்.”

மத்தூர் ஆசிரியை:
ஐயா, உங்கள் வாக்கியத்தை நிறுத்துக் கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்தேன். “தவறு” என்ற சொல் வருவதற்குள் எனக்கு ஏழு நொடி ஆகிவிட்டது. தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியம் நீண்டால் என்ன சொல்ல வருகிறோம் என்பதே முடிவில்தான் தெரியும். மேடையில் அது அழகு, ஆனால் கட்டைவிரலைத் திரையில் வைத்திருப்பவருக்கு அந்தப் பொறுமை இராது. மூன்று நொடியில் நிதானமாக ஆறு ஏழு சொற்கள்தாம் பேச முடிகிறது, ஆகவே முதல் வாக்கியத்தை மூன்று சொல்லில் வினையோடு முடித்துவிடுங்கள்: “இந்த ஒட்டு செத்துவிட்டது. கத்திதான் காரணம்.” இதைச் சொல்லும்போது உங்கள் முகம் வேண்டாம், கருத்துப்போன ஒட்டுக்குச்சி திரை நிறையத் தெரியட்டும். வணக்கத்தைக் கடைசியில் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அரூர் ஸ்டூடியோ:
காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எதற்குப் பார்ப்பார்கள்? “இந்த ரகசியம் தெரிந்தால் அதிர்ந்துபோவீர்கள்” என்று வைத்தால்தான் நிற்பார்கள்.

மத்தூர் ஆசிரியை:
கத்தி என்றுதான் சொன்னேன், கத்தி என்ன செய்தது என்று சொல்லவில்லையே. மழுங்கிய கத்தியால் வெட்டுமுகம் மேடுபள்ளமாகிவிடும், வேர்க்கன்றின் பட்டையும் ஒட்டுக்குச்சியின் பட்டையும் சேராமல் நடுவில் இடைவெளி விழும். அதைத்தானே அவர் நான்காம் நொடியிலிருந்து காட்டப்போகிறார்? ரகசியம் என்று மொட்டையாகச் சொன்னால் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு அது தனக்கான ரீல் என்றே தெரியாது.

பழைய எடிட்டர்:
ஆசிரியை சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். வாயைத் திறப்பதற்கு முன் ஒருவர் மூச்சு இழுப்பார், கேமராவின் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுப்பார். அந்த அரை நொடி, அதாவது நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 15 ஃபிரேம், முதலில் வெட்டப்பட வேண்டியது. நிறையப் பேர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் “ஒட்டு ஏன் செத்தது?” என்று பெரிய எழுத்தில் போடுங்கள், கீழே போடாதீர்கள். அங்கே உங்கள் கணக்கின் பெயரும் விளக்கமும் வந்து மறைக்கும், வலப்பக்கம் பொத்தான்கள் இருக்கும். நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
முகமே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் கன்று வாங்குபவர்கள் ஆளைப் பார்த்து நம்பித்தான் வாங்குகிறார்கள்.

மத்தூர் ஆசிரியை:
ஐந்தாம் நொடியில் முகம் வரட்டும், தம்பி. நம்பிக்கை பிறப்பதற்கு முதலில் பார்ப்பவர் நிற்க வேண்டும் அல்லவா?

காவேரிப்பட்டணத்தான்:
குரலைக் கேட்டவுடன் முகத்தைத் தேடும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், டீச்சர். இரண்டு விதமாகவும் எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அரூர் ஸ்டூடியோ:
பாட்டு போட்டீர்களா என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கன்றுக்காரன், போச்சம்பள்ளி:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். செத்த ஒட்டைக் காட்டித் தொடங்கினேன், மூச்சையும் வெட்டினேன். இரண்டாம் நொடிச் சரிவு குறைந்திருக்கிறது. இப்போது ஒன்பதாம் நொடியில், நான் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டும் இடத்தில் இறங்குகிறது. கன்று கேட்டு வண்டி வந்து நிற்கிறது, பிறகு வருகிறேன்.