கீழவீட்டு சொந்தங்க குரூப்: 5.20 லட்சம் கட்டி 9.75 லட்சம் வந்தா என்ன வட்டி?

தேவகோட்டை சித்தப்பா: எண்டோமென்ட் பாலிசி முதிர்வு பணம் இன்னைக்கு பேங்க்ல ஏறிருச்சு. 2005 மே மாசம் போட்டது, 20 வருஷம், வருஷத்துக்கு 26,000. காப்பு தொகை 5 லட்சம், அதோட போனஸ் 4,40,000, கடைசி போனஸ் 35,000, ஆக 9,75,000. கட்டுனது 5,20,000. ஏஜெண்டு போன் பண்ணி கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆயிருச்சுங்கறாரு. இது என்ன வட்டிக்கு சமம்னு யாராச்சும் சொல்லுங்கப்பா, பேரேட்டுல எழுதி வைக்கணும்

புதுவயல் தம்பி: சித்தப்பா நான் போட்டு பாத்தேன், 5.20 வந்து 9.75 ஆனா 1.875 மடங்கு, 20 வருஷத்துக்கு கூட்டு வட்டி 3.2 சதவீதம்தான் வருது. சேமிப்பு கணக்கு ரேஞ்சுதான், ரொம்ப மோசம்

தேவகோட்டை சித்தப்பா: 3.2 தானா 😞

ஆடிட்டர் ஆச்சி: சித்தப்பா கவலப்படாதீங்க, அது அவ்ளோ மோசம் இல்ல. தம்பி கணக்கு 5.20 லட்சத்தையும் 2005லயே மொத்தமா குடுத்திருந்தாதான் சரி. நீங்க அப்படியா குடுத்தீங்க? முதல் 26,000 தான் 20 வருஷம் அவங்ககிட்ட இருந்துச்சு, 2024 மே மாசம் கட்டுன கடைசி 26,000 ஒரே வருஷம்தான் இருந்துச்சு. சராசரியா பாத்தா ஒவ்வொரு ரூபாயும் பத்தரை வருஷம் இருந்திருக்கு. வட்டிக்கடை கணக்குல ஒவ்வொரு வரவுக்கும் தேதி போட்டு நாள் எண்ணுவாங்கள்ல, அதே மாதிரிதான் இதையும் பாக்கணும்

புதுவயல் தம்பி: ஆமா ஆச்சி அத விட்டுட்டேன். அப்ப கூகுள் ஷீட்ல RATE போடலாம்ல, இருங்க... 6.18 வருதே

ஆடிட்டர் ஆச்சி: நீ போட்ட ஃபார்முலாவ அப்படியே இங்க போடு

புதுவயல் தம்பி:
```
=RATE(20,-26000,0,975000)
```

ஆடிட்டர் ஆச்சி: இதுல கடைசில ஒரு 1 விட்டுப்போச்சு. அது இல்லன்னா ஷீட்டு பிரீமியம் வருஷ கடைசில கட்டுனதா எடுத்துக்கும், அப்ப கடைசி பிரீமியமும் முதிர்வு பணமும் ஒரே நாள்ல வந்த மாதிரி ஆயிரும். இன்சூரன்ஸ்ல பிரீமியம் எப்பவும் வருஷ ஆரம்பத்துலதான். இந்த மாதிரி போடு
```
=RATE(20,-26000,0,975000,1)
```

புதுவயல் தம்பி: 5.67 ஆச்சி

ஆடிட்டர் ஆச்சி: ம், அதுதான். அந்த ஒத்த 1க்கு அரை சதவீதம் வித்தியாசம். ஃபார்முலா பிடிக்கலன்னா ஒரு பத்தியில 20 வரிசை -26000 எழுதி, 21வது வரிசைல 975000 எழுதி =IRR(A1:A21) போட்டாலும் இதேதான் வரும். 20வது வரிசையிலயே முதிர்வையும் சேத்துட்டா திரும்ப 6.18க்கு போயிரும், அந்த எண்ண எங்கயாச்சும் பாத்தா வரிசை ஒண்ணு கொறையுதுன்னு தெரிஞ்சுக்கலாம்

பள்ளத்தூர் அத்தை: எனக்கும் ஒரு பாலிசி இருக்கே ஆத்தா, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க பணம் வரும், நடுவுல ரெண்டு தடவ வாங்கி வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு, அதுக்கும் இந்த 5.67 தானா

ஆடிட்டர் ஆச்சி: இல்ல அத்தை, உங்களது மணிபேக், அது வேற கணக்கு. நடுவுல பணம் வர்றதால RATE சரிப்படாது, வரிசை எழுதி IRR தான் போடணும். அஞ்சு வருஷம் முடிஞ்சு வர்ற பணம் ஆறாவது பிரீமியம் கட்டுற சமயத்துல வரும், அதனால 6வது வரிசைல வந்த பணத்துல அந்த பிரீமியத்த கழிச்சு எழுதணும். பாண்டுல பாலிசி நம்பர மறைச்சுட்டு அட்டவணைய மட்டும் போட்டோ எடுத்து எனக்கு தனியா அனுப்புங்க, குரூப்ல வேணாம்

தேவகோட்டை சித்தப்பா: ஆத்தா ஒரு சந்தேகம். ஆயிரத்துக்கு 44 ரூபா போனஸ்னு வருஷா வருஷம் சொன்னாங்க. 5 லட்சத்துக்கு 22,000. நான் 26,000 கட்ட அவங்க 22,000 போனஸ் போடுறாங்கன்னா எவ்வளவோ வரணுமே

ஆடிட்டர் ஆச்சி: எல்லாரும் ஏமாந்து போறது அந்த இடத்துலதான் சித்தப்பா. 22,000 உங்க பேர்ல எழுதுனாங்க, ஆனா கையில குடுக்கல. முதல் வருஷம் எழுதுன 22,000 பாலிசி முடியும்போதும் அதே 22,000 தான், போனஸுக்கு மேல போனஸ் கிடையாது, வட்டிக்கு வட்டி ஏறவே இல்ல. அதனாலதான் கேக்குறப்ப பெருசா இருந்தும் கடைசில 5.67ல நின்னுருச்சு. அப்புறம் பாலிசிக்கு 2017 ஜூலையிலருந்து ஜிஎஸ்டி இருந்துச்சு, முதல் வருஷத்துக்கு அப்புறம் 2.25 சதவீதம், உங்களுக்கு வருஷம் 585 ரூபா. அந்த ரசீதையும் சேத்தா 5.6 கிட்ட வரும், பெருசா மாறாது

புதுவயல் தம்பி: ஆனாலும் பிபிஎஃப்ல போட்டிருக்கலாம்ல ஆச்சி. அதுக்கும் வரி கிடையாதே

ஆடிட்டர் ஆச்சி: அது நியாயமான கேள்வி. இப்ப இருக்க 7.1ஐயே 20 வருஷத்துக்கும் வச்சுப்போம், இடையில பல வருஷம் 8க்கு மேலயே இருந்துச்சு. 26,000 கட்டியிருந்தா 11,54,000 சொச்சம் வந்திருக்கும், 1,79,000 கூட. ஆனா பிபிஎஃப்ல 5 லட்சம் காப்பு கிடையாது. அதுக்கு தனியா டெர்ம் பாலிசி வருஷம் 2,000னு ஒரு பேச்சுக்கு வச்சு 26,000ல கழிச்சா சேமிப்பு 24,000, அப்ப இந்த 9.75 லட்சம் 6.3 சதவீதத்துக்கு மேல வந்த மாதிரி. அப்பவும் 7.1அ எட்டல

புதுவயல் தம்பி: அந்த 2,000ங்கறது நம்மளா வச்சதுதானே, 2005ல சித்தப்பா வயசுக்கு எவ்வளவு கேட்டிருப்பாங்க

ஆடிட்டர் ஆச்சி: ஆமா, நானா வச்சதுதான். அது எவ்வளவுன்னு மாறுனா இந்த 6.3ம் மாறும். பேரேட்டுல 5.67ன்னே எழுதுங்க சித்தப்பா, அது வந்த பணத்துல இருந்து வந்த எண்

கோட்டையூர் மாமா: எனக்கும் இதே மாதிரி பாலிசி, 12 பிரீமியம் கட்டியாச்சு, இன்னும் 8 இருக்கு. 5.6 தான்னா இப்பவே சரண்டர் பண்ணிட்டு எஃப்டில போட்டுரவா?

ஆடிட்டர் ஆச்சி: மாமா அவசரப்படாதீங்க, சித்தப்பாவோட 5.67 உங்க முடிவுக்கு உதவாது. நீங்க கட்டுன 12 பிரீமியம் போனது போனதுதான், அத கணக்குல சேக்கக்கூடாது. இன்னைக்கு சரண்டர் பண்ணா எவ்வளவு குடுப்பாங்கன்னு மட்டும் கேளுங்க. அந்த தொகையும் 13வது பிரீமியமும் சேத்து முதல் வரிசைல மைனஸ்ல எழுதுங்க, ஏன்னா இன்னைக்கு அத வாங்காம விட்டா அவங்ககிட்ட திரும்ப போட்ட மாதிரிதானே. அடுத்த 7 வரிசைல பிரீமியம் மட்டும் மைனஸ்ல, 9வது வரிசைல முதிர்வு. அதுக்கு IRR போடுங்க

கோட்டையூர் மாமா: அது கூட வருமா கொறைய வருமா

ஆடிட்டர் ஆச்சி: சரண்டர் தொகைய ரொம்ப கொறச்சு குடுத்தாங்கன்னா மிச்ச 8 வருஷத்துக்கு வர்ற வீதம் சித்தப்பாவோடத விட கூட வரும், அப்ப தொடர்றதே மேல். நல்ல தொகை குடுத்தா வேற மாதிரி. முதிர்வுலயும் இதுவரைக்கும் எழுதுன போனஸ்தான் உறுதி, வரப்போற 8 வருஷ போனஸ் நம்ம அனுமானம், அதனால இப்ப இருக்க போனஸ்ல ஒரு தடவ, கொறச்சு ஒரு தடவ போட்டு பாருங்க

கோட்டையூர் மாமா: சரி ஆத்தா, திங்கக்கிழமை பிராஞ்சுக்கு போறேன்

ஆடிட்டர் ஆச்சி: போறப்ப சரண்டர் தொகையோட, பிரீமியத்த நிறுத்திட்டு பாலிசிய அப்படியே விட்டா முதிர்வுல எவ்வளவு வரும்னும் கேளுங்க, பெய்ட்-அப்னு சொன்னா தெரியும். ரெண்டையும் எழுத்துல வாங்கிட்டு வாங்க மாமா, வாயால சொல்ற தொகைய வச்சு கணக்கு போட முடியாது