"போலி முதல்வகை"ன்னே விடலாமா, வேற சொல் இருக்கா? (கிரிஸ்டல் வயலட் – காஸ்டிக் சோடா சோதனை)

குழாய்த்துளி:
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி ரெண்டாம் வருஷத்துக்கு ஒரு லேப் ஷீட் தமிழ்ல எழுதிட்டிருக்கேன். கிரிஸ்டல் வயலட் கரைசல்ல சோடா ஊத்தி ஊதா நிறம் வெளுக்கறத கலரிமீட்டர்ல பாக்கற சோதனை, அதே ஊதாதான், வாய்ப்புண்ணுக்கு முன்னாடி தடவுவாங்களே ஜென்ஷன் வயலட்டுன்னு. 2×10⁻⁵ மோலார் சாயம் 25 மில்லி, 0.04 மோலார் NaOH 25 மில்லி, ரெண்டையும் ஒண்ணா கொட்டின நொடியில ஸ்டாப்வாட்ச். கலந்ததும் ரெண்டும் பாதியாயிடும், அதாவது சாயம் 10⁻⁵, சோடா 0.02. ஃபில்டர் 590 நானோமீட்டர் பக்கம்.

சோதனையில பிரச்சனை இல்ல, சொல்லுலதான். "போலி முதல்வகை வினை"ன்னு எழுதியிருந்தேன், பாடப்புத்தகத்துல இருக்கற சொல்தான். ஒரு பொண்ணு படிச்சிட்டு "அப்ப நாங்க எடுத்த ரீடிங் தப்பா மேடம்"னு கேக்கறா. போலி டாக்டர், போலி பத்திரம்னு கேட்டு வளந்த காது, வேற எப்படி கேக்கும். "மிகுதியான வினைபொருள்"னு எழுதினதும் அதே கதிதான், சோதனை முடிஞ்சப்புறம் குடுவையில மிச்சம் இருக்கறதுன்னு நினைச்சு "அத எப்படி அளக்கறது"ன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் நல்ல சொல் சொல்லுங்க.

ப்ளஸ்டூ_கெமி:
மேடம், போலிய மாத்தாதீங்க, பரீட்சைல அதத்தான் கேக்கறாங்க. மிகுதிக்கு விளக்கம் ஈஸிதானே, சோடா நிறைய போட்டா வினை வேகமா நடக்கும், ஒரு பீரியட்குள்ள முடிஞ்சிடும், அதுக்குத்தான் நிறைய போடறோம். நான் இப்படித்தான் சொல்லிக்குடுக்கறேன், பசங்களுக்கு புரியுது.

பழைய_பிப்பெட்:
தம்பி, நீங்க சொன்னது பாதி சரி. வேகமாகறது நிஜம், ஆனா அது கூட கிடைக்கற லாபம், காரணம் அது இல்ல.

நிஜமான வேக விதி இதுதான்:

rate = k[CV⁺][OH⁻]

சாயத்துக்கு ஒண்ணு, ஹைட்ராக்சைடுக்கு ஒண்ணு, கூட்டினா ரெண்டாம் வகை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குறைஞ்சுக்கிட்டே வந்தா எவனால வேகம் குறையுதுன்னு எப்படி பிரிப்பீங்க? இப்ப மேடத்தோட குடுவைய பாருங்க. சாயத்த விட சோடா 2000 மடங்கு. சாயம் ஒரு மூலக்கூறு விடாம வெளுத்து முடிஞ்சாலும் சோடா 0.02000ல இருந்து 0.01999க்குத்தான் வரும். ஏரியில ஒரு சொம்பு மொண்டா ஏரி குறைஞ்சதா யாரும் சொல்ல மாட்டோம். அதனால [OH⁻] ஒரு மாறிலி மாதிரி உக்காந்திடுது, அதையும் kயையும் சேத்து ஒரே எண்ணா எழுதிக்கலாம், மிச்சம் இருக்கறது சாயம் மட்டும். நாம பாக்கற நேர்கோடு அங்க இருந்துதான் வருது.

அப்ப "நிறைய"ன்னா எவ்வளவுன்னு ஒரு கேள்வி வரும். 10 மடங்குதான் போட்டீங்கன்னு வைங்க, சாயம் தீரும்போது சோடாவும் பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும், கோடு கொஞ்சம் வளையும், கூர்ந்து பாத்தா தெரியும். 100 மடங்குக்கு மேல போனா இந்த கலரிமீட்டர்ல வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

ரெண்டையும் சமமா 10⁻⁵ போட்டா என்னாகும்னு கேப்பீங்க. அறை வெப்பத்துல k சுமார் 0.2 (மோலார்⁻¹ நொடி⁻¹)னு வச்சா சாயம் பாதியாக 5 லட்சம் நொடி, கிட்டத்தட்ட 6 நாள். அடுத்த பாதிக்கு அதுல ரெண்டு மடங்கு. இது காகிதக் கணக்குதான், அவ்வளவு நீர்த்த சோடாவ காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடே தின்னுடும்.

சாயப்பட்டறை:
நான் திருப்பூர்ல டையிங் யூனிட் லேப்ல இருக்கேன். இந்த பிரச்சனை எங்களுக்கு டெய்லி இருக்குங்க, பாத்ல சோடா ஆஷ் போட்டதும் சாயம் வீணாயிடும், துணில ஏறாது, வாஷ் ஆஃப் பண்ணா கலர் கலரா தண்ணி போகும். உங்க சாயமும் அப்படித்தான் வெளுக்குதுன்னா சோடாவ கடைசில போட்டு பாருங்க, உப்பு முதல்ல போடுங்க, எங்களுக்கு அது செட் ஆச்சு.

பழைய_பிப்பெட்:
நீங்க சொல்றது வேற வெளுப்புங்க. அவங்களுக்கு நிறம் போகணும், அதத்தான் அளக்கறாங்க. உங்க ரியாக்டிவ் சாயத்த காரத்துல தண்ணி தாக்கி, துணியோட பிணையற முனைய கெடுத்திடுது, ஆனா நிறம் அப்படியே இருக்கும், அதனாலதான் கழிவுத்தண்ணி கலரா போகுது. இங்க ஹைட்ராக்சைடு நேரா சாயத்தோட நடுக்கார்பன்ல போய் ஒட்டுது, மூணு வளையத்துக்கும் நடுவுல இருந்த தொடர் அறுந்து போகுது, நிறமே காலி. ஆனா ஒண்ணு, உங்க பாத்லயும் தண்ணிதான் மிகுதி, அந்த சாயம் கெடறதும் போலி முதல்வகைதான். தெரியாமலே தலைப்புக்குள்ள வந்துட்டீங்க.

வடமராட்சி:
எங்கட பக்கம் இத "போலி முதலாம் வரிசைத் தாக்கம்" எண்டுதான் படிச்சனாங்கள். உங்கட "வகை" எண்ட சொல்லுதான் எனக்கு இடிக்குது. வகை எண்டா இனம் எண்டு விளங்கும், வரிசை எண்டா 0, 1, 2 எண்டு எண் வருமெண்டு தானா விளங்கும். போலிய பற்றி நான் வேறமாதிரி யோசிக்கிறன். இலக்கணத்தில போலி எண்டு படிச்சனாங்கள் எல்லோ, அமச்சு அமைச்சு, நிலம் நிலன். அங்க போலி எண்டா ஏமாத்து இல்லை, ஒண்டின்ர இடத்தில இன்னொண்டு நிண்டும் பொருள் மாறேல்லை, அவ்வளவுதான். "போல" எண்டதில இருந்து வந்த சொல். இரண்டாம் வரிசைத் தாக்கம் ஒண்டு முதலாம் வரிசை போல நிக்குது. சொல்லில பிழை இல்லை, பேப்பர்காரர்தான் கெடுத்து வச்சிருக்கினம்.

குழாய்த்துளி:
இது எனக்குத் தோணவே இல்லண்ணா, நல்ல பாயிண்ட். ஆனா எங்க பசங்களுக்கு முதற்போலி கடைப்போலிதான் ஞாபகம் வரும், "போலி முதல்"னு எழுதினா அதுல வேற குழப்புவாங்க :) "முதல்வகை போன்ற வினை"ன்னு வச்சா? இல்லன்னா "தோற்ற முதல்வகை"?

பழைய_பிப்பெட்:
"தோற்ற" வேண்டாம்மா. தோற்றம்னா கண்ணுக்கு அப்படித் தெரியுது, நிஜத்துல இல்லன்னு ஆகுது. இங்க அளவீடு நிஜமாவே முதல்வகை நடத்தைதான், அரைவாழ்வு மாறாது. உங்க ரீடிங்க போடுங்களேன்.

குழாய்த்துளி:
நேத்து எடுத்தது, உட்கவர்தல் 0 நொடில 0.84 (பின்னோக்கி நீட்டி எடுத்தது), 60ல 0.66, 120ல 0.52, 180ல 0.41, 240ல 0.32, 300ல 0.25. ln A போட்டா கோடு நல்லா வருது, சாய்வு 0.0040. ஆனா ஒரு க்ரூப்புக்கு 600 நொடி தாண்டினதும் கோடு மேல தூக்கிக்கிச்சு. சோடா பத்தலையோன்னு அவங்க கேக்கறாங்க.

பழைய_பிப்பெட்:
சோடாவா இருக்காது, 2000 மடங்குல அது தீராது. க்யூவெட்ட கொட்டிட்டு வெறும் தண்ணி ஊத்தி ரீடிங் எடுக்கச் சொல்லுங்க. இந்த சாயம் சுவத்துல ஒட்டும். தண்ணிக்கே 0.03 காட்டினா அதான் திருடன். 0.84ல 0.03 யாருக்கும் தெரியாது, ஆனா 600 நொடியில நிஜ மதிப்பு 0.08 கூட இருக்காது, அங்க 0.03 சேந்தா லாக் எடுக்கும்போது கோடு தூக்காம என்ன செய்யும். ஆல்கஹால் ஊத்தி குலுக்கி கழுவினா போயிடும்.

0.0040ஐ 0.02ஆல வகுத்தா 0.20, அதுதான் நிஜ k. அரைவாழ்வு 173 நொடி, உங்க 180 நொடி ரீடிங் 0.41, பாதிக்கு சரியா பக்கத்துல நிக்குது பாருங்க. இப்ப சோடாவ மட்டும் ரெண்டு மடங்காக்கி ஓட்டுங்க. சாய்வு 0.008 பக்கம் வந்தா ஹைட்ராக்சைடுக்கும் ஒரு படி இருக்குன்னு பசங்களே சொல்லிடுவாங்க. இந்தச் சோதனையோட அழகே இதுதான். சர்க்கரைக் கரைசல் அமிலத்துல உடையறத வில்ஹெல்மி 1850லயே அளந்தாரு, புத்தகத்துல போலி முதல்வகைக்கு அதத்தான் உதாரணம் குடுப்பாங்க, ஆனா அங்க மிகுதி தண்ணி, 55 மோலார். அத பாதியாக்கியோ ரெட்டிப்பாக்கியோ காட்ட முடியுமா? முடியாது. பசங்க ஒளிஞ்சிருக்கற ஆளப் பாக்காமலே மனப்பாடம் பண்ணிடறாங்க.

ஒரு எச்சரிக்கை, 0.008 சரியா வராது, கொஞ்சம் கம்மியா வரும். சாயம் பிளஸ் அயனி, ஹைட்ராக்சைடு மைனஸ், சுத்தி அயனி கூடினா ஒண்ணையொண்ணு இழுக்கறது மட்டுப்படும். அதனால முதல் ஓட்டத்துலயும் சாதா உப்பு 0.02 மோலார் சேத்து, ரெண்டுலயும் மொத்தம் 0.04 ஆக்கிடுங்க.

ப்ளஸ்டூ_கெமி:
சார் நீங்க சொன்னப்புறம் யோசிச்சேன், மிகுதிக்கு பதிலா "மாறா வினைபொருள்"னு சொல்லலாமே? நிறையங்கறத விட மாறாதுங்கறதுதானே விஷயம்.

வடமராட்சி:
மாறா எண்டா தாக்கத்தில சேரேல்லை, ஊக்கி மாதிரி எண்டு விளங்கும் தம்பி. சேருது, செலவாகுது, ஆனா குறைஞ்சது தெரியாது. "மிகை" எண்டு நாங்கள் சொல்றதிலயும் உந்த மிச்சம் எண்ட குழப்பம் வரும், ஒத்துக்கொள்ளுறன்.

சாயப்பட்டறை:
எங்க மாஸ்டர் பாஷைல "முழுகப் போடறது"ம்பாங்க. சரக்கு முழுகற அளவுக்கு தண்ணி.

பழைய_பிப்பெட்:
அட, இது நல்லாருக்கே. முழுகற அளவு.

குழாய்த்துளி:
ஷீட்டுக்கு இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கேன்: "சோடாவ சாயம் முழுகும் அளவுக்கு மிகுதியாக எடுக்கவும் (2000 மடங்கு). சாயம் தீர்ந்தாலும் சோடாவின் செறிவு 0.02000லிருந்து 0.01999 ஆகவே குறையும். எனவே இந்த ரெண்டாம் வகை வினை முதல்வகை போல நடக்கும். இதைப் போலி முதல்வகை என்பர்." தலைப்புல போலி இருக்கட்டும், பரீட்சைக்கு வேணும். வகையா வரிசையாங்கறத நான் தொடல, அது தனியா பேசணும்.

வடமராட்சி:
"முழுகும்" எண்டா சோடாவுக்குள்ள திண்மச் சாயத்த போடச் சொல்லுறியள் எண்டு ஒராள் நினைப்பார், பாருங்கோ.

குழாய்த்துளி:
நினைப்பாங்கதான் :( யோசிக்கறேன். அந்த க்ரூப் க்யூவெட்ல தண்ணி ஊத்தி பாத்தாச்சு, 0.04.