சர்வைலன்ஸ்: கண்காணிப்பா, தவணைச் சோதனையா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் உள்ளவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கும் உரிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கல்லீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், கல்லீரல் கட்டிகள் சில சுரக்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்துக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வதை ஆங்கிலத்தில் 'சர்வைலன்ஸ்' என்பார்கள்; அதைக் 'கண்காணிப்பு' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த செவிலியர், மருத்துவமனையில் படுக்கவைத்துப் பார்ப்பதாக நோயாளிகள் எண்ணிவிடுவார்கள் என்றார். எனவே 'தவணைச் சோதனை' என்பதை முன்மொழிகிறேன்.

தமிழாசிரியர்:
சிகிச்சை முடிந்தவருக்குக் கட்டி மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதுதானே இது? 'மீள்பார்வை' பொருந்தும்.

ஆய்வகப் பணியாளர்:
ஏ.எஃப்.பி. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் ஏறினால் மருத்துவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். ஆகவே 'குருதிக்குறிச் சோதனை' என்றாலே போதும்.

கல்லீரல் மருத்துவர்:
ஐயா, இது கட்டி இன்னும் தென்படாதவருக்குச் செய்வது. ஆகவே 'மீள்பார்வை' பொருந்தாது. ஏ.எஃப்.பி. உதவுவது உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்ப இயலாது: ஹெபடைடிஸ் அழற்சி திடீரெனக் கூடும்போது கட்டி இல்லாமலும் அது ஏறும், பல சிறிய கட்டிகளோ அதைச் சுரப்பதே இல்லை. சிரோசிஸ் உள்ள ஒருவருக்கு ஸ்கேனில் 8 மில்லிமீட்டர் முடிச்சு தெரிகிறது, ஏ.எஃப்.பி. 6 தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த முடிச்சில் தீர்ப்புச் சொல்வது கடினம் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். அப்போது அது 14 மில்லிமீட்டராகி, ஏ.எஃப்.பி. இன்னும் 7 ஆகவே இருந்தாலும், சாய மருந்து செலுத்தி சி.டி. எடுப்போம், சாயம் தமனி வழியே வந்தடையும் கட்டத்தில் முடிச்சு பளிச்சென்று தெரிந்து, பின்பு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கினால் அது புற்றுநோயே. தவணை தவறியிருந்தால் அறுவைக்கு எட்டாத அளவில்தான் அது கண்ணில் பட்டிருக்கக்கூடும். 'தவணை' என்ற சொல்லை நான் விரும்புவது இதனால்தான்.

மற்றோர் உறுப்பினர்:
என் அண்ணனுக்கு 46 வயது, ஹெபடைடிஸ் பி உண்டு, சிரோசிஸ் இல்லை. கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார், இரத்தத்தில் கிருமியே தென்படவில்லை. அவருக்கும் தவணை உண்டா?

கல்லீரல் மருத்துவர்:
உண்டு, அம்மா. இக்கிருமியின் மரபுப்பொருள் கல்லீரல் உயிரணுவின் மரபுப்பொருளுக்குள்ளேயே செருகிக்கொள்வதால், சிரோசிஸ் வராமலேயே புற்றுநோய் வரலாம். மருந்து ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது. ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் தொடங்குமாறு அமெரிக்கக் கல்லீரல் மருத்துவச் சங்கம் சொல்கிறது. குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால் அதற்கும் முன்பே தொடங்க வேண்டுமா என்று தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தமிழாசிரியர்:
விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் 'தவணை' என்றதும் கடன் தவணையல்லவா நினைவுக்கு வருகிறது? 'பருவச் சோதனை' என்றால் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
பருவம் என்றால் மழைக்காலத்துக்கு ஒருமுறை என்று கொள்ளவும் இடமிருக்கிறது, ஐயா. இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் பருமனாலோ கொழுப்புக் கல்லீரலாலோ ஸ்கேனில் கல்லீரலின் பெரும்பகுதி தெரியாமல் போனால், அறிக்கையில் 'கட்டி இல்லை' என்றிருந்தாலும் அந்தத் தவணை நிறைவேறியதாகாது, அவருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அத்தகைய ஸ்கேனைக் 'குறைக்காட்சி' என்று எழுதலாமா?