கலைச்சொல் தேவை: சிண்டுக்குச்சியைத் தோலில் அழுத்திக்கொண்டு அடிக்கும் பறை அடி

அனுப்புநர்: செந்தில்வேலன்

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகப் பறை பழக வருகிறவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று அடிப்படை அடிகளை எழுதுவதில் சிக்கல் இல்லை. வலக்கையிலுள்ள குட்டையான, தடித்த அடிக்குச்சி தோலின் நடுவில் விழுவது ஒன்று. இடக்கையிலுள்ள மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி தோலில் படுக்கையாக அறைவது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் விழுவது மூன்றாவது.

முட்டி நிற்பது வேறொன்றில். சிண்டுக்குச்சியால் அறைந்துவிட்டு அதை எடுக்காமல் தோலிலேயே படியவைத்து, அந்த நிலையில் அடிக்குச்சியால் நடுவில் அடிக்கிறோம். 'தும்' என்று நீள வேண்டிய ஒலி 'தக்' என்று அங்கேயே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் டாம்ப்டு ஸ்ட்ரோக் என்பார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?

இதற்குத் தனிப்பெயர் எதற்கு என்று கேட்கக்கூடும். ஆறு எண்ணிக்கையில் ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலும் நான்கிலும் அடிக்குச்சி. மற்ற நான்கு இடங்களிலும் சிண்டு. 'தும் கி ட தும் கி ட' என்று வாசித்தால் கேட்கிறவர் காதில் அது ஆறாக விழாது, மூன்று மூன்றாகத்தான் விழும். ஆடுகிறவரும் ஒவ்வொரு 'தும்'முக்கும் காலை வைப்பார். இப்போது நான்காவதை மட்டும் அழுத்தி, 'தும் கி ட தக் கி ட' என்று வாசியுங்கள். குச்சி விழும் இடமும் வேகமும் மாறவில்லை. ஆனால் சுற்று ஆறாக நீண்டுவிடும், கால் ஒன்றில் மட்டும் அழுந்தும். தாளத்தையே மாற்றுகிற ஓர் அடியைப் பெயரில்லாமல் எழுதிக்காட்ட முடியவில்லை.

அன்புடன்
செந்தில்வேலன்

அனுப்புநர்: மீனாட்சி

செந்தில், பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவு' என்றுதான் பாடம் நடத்துகிறோம். அதையே எடுத்துக்கொண்டு 'தடையுறு அடி' என்று வைக்கலாமே? மாணவர்களுக்கும் பழகிய சொல். நீளமாக இருக்கிறது என்றால் 'ஒடுக்கடி'. ஒலியை ஒடுக்குவதால் பொருளும் சரியாக வருகிறது. மிருதங்கக்காரர்களிடம் கேட்டால் 'மூடடி' என்பார்களோ என்னவோ.

அனுப்புநர்: முத்துக்கருப்பன்

மீனாட்சி டீச்சருக்கு வணக்கம். படிப்பு உங்களுக்கு, அடி எனக்கு. அதனால் ஒன்று சொல்கிறேன். பறையில் எந்த அடியும் தானாகத் தேய்ந்துதான் நிற்கிறது. அழுத்தாமல் அடிக்கிற 'தும்'மும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் அதுவும் தடையுற்றதுதானே? செந்தில் தம்பி கேட்பது தானாகத் தேய்வதை இல்லை, நாம் வேண்டுமென்று நிறுத்துவதை. அந்த வித்தியாசம் பெயரில் தெரிய வேண்டும்.

பனி இறங்கிய ராத்திரியில் இதை நன்றாகப் பார்க்கலாம். தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிட்டால் அழுத்தாத அடியும் 'தொப்'பென்று விழும். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே சத்தம், தாளமே புரியாது. அதற்காகத்தான் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காட்டி எடுக்கிறோம். விரலால் சுண்டிப் பார்க்கும்போது சத்தம் மேலே ஏறியிருந்தால் போதும். இன்னும் காட்டினால் புளியங்கொட்டைப் பசை விட்டு ஓரம் கிளம்பிவிடும், இல்லையென்றால் தோலே கிழியும்.

'ஒடுக்கடி' வேண்டாம் டீச்சர். 'அடக்கடி' என்று யாராவது சொல்ல வந்தால் அதுவும் வேண்டாம். சாவுக்கு அடி, கூப்பிட்டால் வா என்று சாதியைச் சொல்லி இந்தத் தோலை எங்கள் கையில் திணித்தார்கள். இனிமேல் அந்த வேலைக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் எத்தனையோ உண்டு. இன்று பிள்ளைகள் விரும்பி எடுத்து அடிக்கிற கருவியில், 'இப்போது ஒடுக்கு' என்று நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

அனுப்புநர்: ராஜேந்திரன்

வணக்கம். நான் இலங்கையில் நுவரெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆள். கருவிக்குப் பெயர் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் பறை என்று யாரும் சொல்வதில்லை, தப்புத்தான். முந்தி விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரிக்கிற பிரட்டுக்குக் கூப்பிட அடித்தது பிரட்டுத் தப்பு. திருவிழாவில் சாமி வரும்போது அடிப்பதும் காமன் கூத்துக்கு அடிப்பதும் தப்புத்தான், அடிதான் வேறு. எங்கள் மாமா எனக்குப் பழக்கும்போது, 'இந்த இடத்துல அமத்தி அடிடா, அந்த இடத்துல விட்டு அடிடா' என்று கத்துவார். பெயர் வைப்பதென்றால் தப்பையும் மறக்காமல் சேருங்கள்.

அனுப்புநர்: செந்தில்வேலன்

ராஜேந்திரன் அண்ணன், நான் கேட்டது கருவியின் பெயரை இல்லை, ஓர் அடியின் பெயரை. ஆனால் நான் தேடியது உங்கள் மாமாவின் வாயில் இருக்கிறது! கை காலை அமத்திவிடு என்று வீட்டில் சொல்கிற அதே சொல். தோலை அமத்தி அடிப்பது 'அமத்தடி', விட்டு அடிப்பது 'விட்டடி'. அகராதியைப் புரட்டாமலே புரிகிறது. தமிழில் எழுத்தும் இதற்கு ஒத்துப்போகிறது. 'தும்' என்பதில் ம் மூக்கொலி, வேண்டுமட்டும் நீட்டலாம். 'தக்' என்பதில் க் வந்ததும் காற்று நின்றுவிடும். அதனால் குறியீட்டில் அடிக்குச்சிக்கு அ என்று எழுதி, அமத்தடிக்கு அதன் தலையில் ஒரு புள்ளி வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

அனுப்புநர்: மீனாட்சி

முத்துக்கருப்பன் ஐயா சொன்ன பிறகு 'ஒடுக்கடி'யைக் கைவிடுகிறேன். தடையுறுதலைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் 'அமத்து' பேச்சு வழக்கு. எழுத்தில் 'அமர்த்தடி' என்று இருக்க வேண்டாமா? இன்னொரு கேள்வி. எங்கள் பள்ளி விழாவில் ஒரு பையன் சிண்டுக்குச்சியால் அழுத்தாமல், சட்டத்தைப் பிடித்த இடக்கை விரல்களை ஓரத்தில் தோல்மேல் வைத்து அடித்தான். அதுவும் அமத்தடியா?

அனுப்புநர்: முத்துக்கருப்பன்

'அமர்த்தடி' என்றால் வேலைக்கு அமர்த்துவது மாதிரி இருக்கிறது. பேச்சு வழக்கிலேயே விடுங்கள். அடிக்கிறவன் வாயில் வருகிற சொல்தான் நிற்கும்.

விரல் வைப்பது வேறு அடி. விரல் ஓரத்தில்தான் எட்டும், அதனால் 'தும்' பாதி குறையுமே தவிர நிற்காது. குச்சியோ தோலில் நெடுக்கப் படிவதால் சட்டென்று நிறுத்திவிடும். ஃபைபர் பறையில் ஒலி இன்னும் நீளம் என்பதால், விரலை மட்டும் நம்பினால் அடுத்த அடிமேல் பழைய அடி ஏறிக்கொள்ளும்.

பாடக்குறிப்பில் இதையும் எழுதுங்கள் தம்பி. பழகுகிறவர்கள் பிழை விடுவது அழுத்துவதில் இல்லை, எடுப்பதில். உங்கள் ஆறில் மூன்றாவது சிண்டு விழுந்ததும் அதை அப்படியே வைத்திருந்து, நான்கில் 'தக்' முடிந்த உடனே தூக்கினால்தான் ஐந்தாவது சிண்டு கிடைக்கும். தூக்கத் தாமதித்தால் ஐந்து செத்துப்போகும், 'தும் கி ட தக் – ட' என்று ஓட்டை விழும். முந்தித் தூக்கினால் 'தக்'குக்குப் பின்னால் 'உம்' என்று ஒரு வால் கேட்கும். தனியாக அடிக்கிறபோது அந்த வால் அவனுக்கே தெரியாது. நாலு பேர் சேர்ந்து அடித்தால் உடனே தெரிந்துவிடும்.

'விட்டடி'தான் எனக்கு இடிக்கிறது. எண்ணிக்கையில் ஒன்றைவிட்டு ஒன்று அடிப்பதையும் 'விட்டு விட்டு அடி' என்போம். பையன்கள் குழம்புவார்கள். அழுத்தாத அடியை வெறும் 'அடி' என்றே விட்டால் என்ன?

அனுப்புநர்: செந்தில்வேலன்

அண்ணே, வெறும் 'அடி' என்றால் பொதுவாக எல்லா அடிக்கும் சொல்லும் 'அடி'யோடு மோதுகிறது. இப்போதைக்கு 'அமத்தடி'யை மட்டும் பட்டியலில் ஏற்றுகிறேன். 'விட்டடி'க்கும் டீச்சர் கேட்ட விரல் அடிக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன். ராஜேந்திரன் அண்ணன், விரலை வைத்துப் பாதி குறைப்பதற்கு உங்கள் தோட்டத்தில் ஏதாவது சொல் உண்டா என்று மாமாவிடம் கேட்டு எழுதுங்கள்.