கூட்டினால் 101% வருகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே, போஸ்ட்கிரெஸில் ஒரு சின்னக் கணக்கில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் விடும் நேரத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினோம்: காலை 17, மாலை 17, இரவு 6, மொத்தம் 40. முதலில் எழுதியது இது:

```sql
SELECT neram, votes / SUM(votes) OVER () * 100
FROM poll;
```

மூன்று வரியிலும் 0. இரண்டு பக்கமும் முழு எண் என்பதால் 17/40 வகுக்கும்போதே 0 ஆகிவிடுகிறது, அப்புறம் நூறால் பெருக்கி என்ன பயன்? பெருக்கலை முன்னால் கொண்டுவந்தால் 42 வந்தது, அந்த அரை காணாமல் போனது. கடைசியில் `100.0 * votes` என்று எழுதியபின்தான் சரியான 42.5 கிடைத்தது.

சரி, அதை `ROUND` செய்தால் 43, 43, 15. கூட்டினால் 101! பலகையில் ஒட்டினால் யாராவது கூட்டிப் பார்த்துவிட்டு வாக்கெடுப்பையே சந்தேகப்படுவார்கள்.

எல்லாவற்றையும் கீழே இறக்கி (42, 42, 15) மீதமுள்ள 1-ஐ அதிகப் பின்னம் உள்ள வரிக்குக் கொடுக்கும் முறையைப் பார்த்தேன். ஆனால் இங்கே காலைக்கும் மாலைக்கும் அதே 0.5, ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் சமமான வாக்குக்கு 43, 42 என்று தெரியும், அது நியாயமே இல்லை. ஒரு தசம இடம் காட்டினால் இந்த முறை தப்பிக்கலாம், ஆனால் மூன்றும் சமமாக வந்தால் 33.3 மூன்று முறை, 99.9 தானே?

இப்படிச் சமமாக வரும்போது நீங்கள் எப்படிக் காட்டுகிறீர்கள்? வினவலிலேயே செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.