214 வரிகள், ஒரு சொல்லும் மாறாமல் தலைப்புவாரியாகப் பிரிக்க வேண்டும்

நூலகத்தோழி
வாசகர்கள் பதிவேட்டில் எழுதின ஆலோசனைகளை ஒருத்தர் வரிவரியாத் தட்டச்சு பண்ணிக் கொடுத்திருக்கார். மொத்தம் 214 வரி, எந்த ஒழுங்கும் இல்லை. தலைப்புவாரியாப் பிரிக்கணும். ஆனா எழுதினவங்க சொல் ஒண்ணுகூட மாறக்கூடாதுன்னு குழுவில் முடிவு. எங்கே ஆரம்பிக்கறது?

கணக்கர்42
அரை நாள் வேலைங்க இது. எக்செல்ல ஒட்டுங்க, பக்கத்து நெடுவரிசையில தலைப்பு போடுங்க, அந்தத் தலைப்பை வச்சு வரிசைப்படுத்துங்க, முடிஞ்சது. ஒரே மாதிரி வர்ற வரிகளை முதல்லயே நீக்கிட்டா 214 ஒரு 170 ஆகிடும், சுமை குறையும். எழுத்துப்பிழையையும் அப்படியே திருத்திடுங்க. "மின்விசிரி"ன்னு இருக்கறதை "மின்விசிறி" ஆக்கினா அது சொல்லை மாத்தினதாகாது.

பழைய மெய்ப்பாளர்
பக்கத்து நெடுவரிசையில் தலைப்பு என்பது சரியான வழி. மற்ற இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதலில் ஒரே மாதிரி வரிகள். "சத்தம்" என்று ஒற்றைச் சொல்லாக ஆறு வரி இருந்தால், ஆறு பேர் பேனா எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒன்றை வைத்து ஐந்தை அழித்தால், ஒருவர் மட்டும் எழுதிய குறையும் அதுவும் ஒரே எடையாகத் தெரியும். சொற்கள் மாறவில்லைதான், ஆனால் பட்டியல் சொன்ன செய்தி மாறிவிட்டது.

அடுத்தது பிழை திருத்தம். "மின்விசிரி" திருத்துவதில் ஆபத்து இல்லை என்று தோன்றும். அதே கையோடு "அரை சுத்தமில்லை" என்ற வரிக்கு வருவீர்கள். எழுதியவர் "அறை" என்று நினைத்தாரா, அல்லது பாதிதான் சுத்தம் என்று சொன்னாரா? திருத்தினால் அந்தக் கேள்வியையே அழித்துவிடுகிறீர்கள். எந்தப் பிழை பாதுகாப்பானது, எது இல்லை என்று வரிக்கு வரி முடிவெடுப்பதைவிட எதையும் தொடாமல் விடுவது எளிது. உங்கள் சொற்களுக்கு இடம் தலைப்பு. அங்கே "மின்விசிறி" என்று சரியாக எழுதுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் எண். எதையும் நகர்த்துவதற்கு முன் A நெடுவரிசையில் 1 முதல் 214 வரை போட்டுவிடுங்கள். B-யில் மூல வரி, C-யில் தலைப்பு. முழுத் தாளையும் நகலெடுத்து இன்னொரு தாளாக வைத்து, அதைத் தொடவே தொடாதீர்கள். வரிசைப்படுத்தும்போது மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். C-யை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் தலைப்புகள் வேறு வரிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

மழைத்துளி
நான் கலைச்சொல் பட்டியல் ஒண்ணு இப்படித்தான் செஞ்சேன், கிட்டத்தட்ட 900 சொல். அகரவரிசைப்படுத்தினதும் ஒரே மாதிரி சொற்கள் தானா பக்கத்துல வந்துடுச்சு. தலைப்பே தேவைப்படலை. அதையே முயற்சி பண்ணலாமே?

பழைய மெய்ப்பாளர்
கலைச்சொல்லில் தேடப்படுவதே முதல் சொல். அதனால் அகரவரிசை உங்களுக்குப் பொருந்தியது. இங்கே வருவது வாக்கியம். "மாடியில் சத்தம் தாங்கல" மகரத்திலும், "படிக்கவே முடியல, அவ்வளவு சத்தம்" பகரத்திலும் போய் நிற்கும். ஒரே குறை பத்து இடத்தில் சிதறும்.

நூலகத்தோழி
எண் போட்டுட்டேன். எக்செல்ல ஒட்டினப்போ ஒரு வரி `#NAME?`னு வருது, இன்னொண்ணு தேதியா மாறிடுச்சு. நான் எதையும் தொடவே இல்லையே?

நிரல்பித்தன்
அது எக்செல் பண்ற வேலை. ஹைஃபன்ல ஆரம்பிக்கற வரியைச் சூத்திரம்னு நினைச்சுக்கும். மூலத்துல "-விளக்கு மங்கல்" மாதிரி ஏதாவது இருந்திருக்கும். "3-4" மாதிரி இருந்தா தேதின்னு எடுத்துக்கும். யாராவது மூணு மணியிலிருந்து நாலு மணி வரைன்னு எழுதியிருக்கலாம். தேதியானதை மறுபடி உரையாக்கினா பழைய எழுத்து திரும்ப வராது, ஒரு எண்தான் வரும். அதனால அதை அழிச்சுட்டு, நெடுவரிசையை முதல்ல `Text` ஆக்கிட்டு, அப்புறம் மூலத்திலிருந்து திரும்ப ஒட்டுங்க.

இது சின்ன விஷயம் இல்லை. `MARCH1`, `SEPT1`னு மரபணுக் குறியீடுகள் இருந்துச்சு. விரிதாள்கள் அதையெல்லாம் தேதியாக்கி ஆராய்ச்சித் தரவுகளையே கெடுத்ததால, 2020ல மரபணுப் பெயர்க் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்லயே இந்தச் சிக்கலுக்காகக் குறியீடுகளை மாத்தினதைச் சொல்லியிருந்தாங்க. `MARCH1` இப்ப `MARCHF1`.

கணக்கர்42
இது எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா தலைப்பு விஷயத்துல நான் சொல்றது நடைமுறை. கட்டடம், புத்தகங்கள், நேரம், பணியாளர்கள்னு நாலு தலைப்பை முதல்லயே எழுதி வச்சுக்கிட்டு வரிகளை அதுல போடுங்க. படிச்சுப் படிச்சுத் தலைப்பு தேடினா முடிவே வராது.

பழைய மெய்ப்பாளர்
நான் இதற்கு நேர்மாறாகத்தான் செய்வேன். ஜப்பானிய மானிடவியலாளர் கவாகிட்டா ஜிரோ களக்குறிப்புகளை அட்டைகளில் எழுதி, பரப்பி வைத்து, ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்த்த பிறகே தலைப்பு எழுதும் ஒரு முறையை உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அதைக் கேஜே முறை என்பார்கள். தலைப்பை முதலில் வைத்தால் அதில் அடங்காதவை எல்லாம் "மற்றவை"யில் விழும். அந்த நான்கில் "சத்தம்" எங்கே போகும்? மின்விசிறிச் சத்தம் கட்டடம். கைபேசியில் பேசுகிறவர்களின் சத்தம் கட்டடம் இல்லை, பணியாளரும் இல்லை. நூலகத்தில் பலருக்கும் பெரிய குறை அதுவாகவே இருக்கலாம். உங்கள் நான்கு தலைப்பில் அது இரண்டாக உடைந்து காணாமல் போகும்.

தோழி, முதல் ஐம்பது வரியைப் படித்து, எழுதியவர்களின் சொல்லையே தற்காலிகத் தலைப்பாகப் போடுங்கள். "சத்தம்", "இருட்டு", "திருப்பித் தரும் நாள்" என்று எப்படி வருகிறதோ அப்படியே. இருபது முப்பது தலைப்பு வந்தாலும் பயப்பட வேண்டாம். 214-ஐயும் முடித்த பிறகு பக்கத்துப் பக்கத்துத் தலைப்புகளை இணைக்கலாம். C-யில் பெயரை மாற்றினால் போதும், B-யைத் தொட வேண்டியதில்லை.

கணக்கர்42
அந்தக் குழு கட்டடத்துக்கு ஒருத்தர், புத்தகத்துக்கு ஒருத்தர்னு பொறுப்பு பிரிச்சிருந்தா? அவங்களுக்கு "இருட்டு"ன்னு தலைப்பு கொடுத்து என்ன பயன்? யார் வேலை எதுன்னு தெரியற மாதிரி தலைப்பு இருக்கணும். இதுல நான் மாறப்போறதில்லை.

நூலகத்தோழி
ரெண்டு பேர் சொல்றதும் எனக்குத் தேவைப்படும் போலிருக்கு. இப்ப சிக்கின வரி 121: "விளக்கு மங்கலா இருக்கு, அதனால சாயங்காலம் வர்றதே இல்ல, புதுப் பத்திரிகையும் போடுங்க." இது எதுல போகும்?

கணக்கர்42
மூணா வெட்டி 121அ, 121ஆ, 121இ. சொல் எதுவும் மாறலை, எண்ணிக்கையும் சரியா வரும்.

பழைய மெய்ப்பாளர்
"சாயங்காலம் வர்றதே இல்ல" தனியாக நின்றால் அது "நேரம்" தலைப்புக்குப் போகும். படிப்பவர், மாலையில் திறந்து வைப்பதில் ஏதோ குறை என்று நினைப்பார். அவர் சொன்னது விளக்கைப் பற்றி. "அதனால"வை எந்தத் துண்டோடு வைப்பீர்கள்? வரியை முழுதாக "விளக்கு" என்பதில் வையுங்கள். "பத்திரிகை" தலைப்பில் அதே வரியை முழுதாக, அதே எண்ணோடு இன்னொரு முறை வையுங்கள். அந்த இரண்டாம் நகலுக்கு D நெடுவரிசையில் "மறு" என்று குறியுங்கள்.

நிரல்பித்தன்
ரெண்டு தடவை வச்சா மொத்தம் 214 வராதே. சரிபார்க்கறப்போ "மறு" வரிகளைக் கழிக்கணும். இதுல கணக்கர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. காரணச் சொல்லால கட்டப்படாத வரின்னா வெட்டறதுல எனக்குத் தப்பு தெரியலை, எண்ணும்போது வசதி.

பழைய மெய்ப்பாளர்
எண்ணுவது மட்டும்தான் நோக்கம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். படிக்கக் கொடுப்பதென்றால் இல்லை.

நிரல்பித்தன்
சரிபார்ப்புக்கு எக்செல்லயே வழி இருக்கு. எல்லாம் முடிஞ்சதும் "மறு" வரிகளை ஒதுக்கிட்டு, A-வை வச்சு திரும்ப வரிசைப்படுத்துங்க. முதல் வரி தலைப்பு வரியா இருந்தா, E2-ல இதைப் போட்டு கீழே வரை இழுங்க. தொடாம வச்ச நகல் `Sheet2`ன்னு எடுத்துக்கறேன்.

```
=EXACT(B2,Sheet2!B2)
```

எங்கே `FALSE` வருதோ அங்கே ஏதோ மாறியிருக்கு. உரைக்கோப்பா வேலை பார்க்கறவங்க தலைப்பு வரிகளை `##`னு ஆரம்பிச்சு, `bash`ல இப்படிப் பார்க்கலாம்:

```
grep -v -e '^##' -e '^$' groups.txt | sort | diff - <(sort list.txt)
```

ஒண்ணும் திரையில வரலைன்னா எல்லா வரியும் அப்படியே இருக்கு, எதுவும் விடுபடலை. `sort -u` போடாதீங்க, ஒரே மாதிரி வரிகளை அது ஒண்ணாக்கிடும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியற ரெண்டு வரியை `diff` வேறன்னு காட்டலாம். வரி கடைசியில ஒரு வெற்றிடம் இருக்கலாம். இல்லைன்னா தமிழெழுத்து சேமிக்கப்பட்ட விதம் வேறயா இருக்கலாம். "கொ"வை க-வோட ஒற்றை ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், க-வோட கொம்பும் காலும் தனித்தனியா சேர்த்தும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான், உள்ளே குறியெண் வேற. யாராவது ஒரு வரியைத் திரும்பத் தட்டச்சு பண்ணியிருந்தா இப்படி ஆகும்.

நூலகத்தோழி
முடிச்சுட்டேன். 26 தற்காலிகத் தலைப்பு வந்து, இணைச்சப்புறம் 11 ஆச்சு. "மறு" 9 வரி. மொத்தம் 223, கழிச்சா 214. `FALSE` ரெண்டு இடத்துல வந்தது. 88-ல என் கை தன்னாலேயே ஒரு முற்றுப்புள்ளி வச்சிருக்கு, எடுத்துட்டேன். இன்னொண்ணு 30, அதுல கடைசியில ஒரு வெற்றிடம் போயிருந்தது.

ஆனா 62-ல மாட்டிக்கிட்டேன்: "அதேதான் எனக்கும்." பட்டியல் கலைஞ்சப்புறம் இது எதைச் சொல்லுதுன்னே தெரியலை.

பழைய மெய்ப்பாளர்
எண் போடச் சொன்னது இதற்காகவும்தான். 61-ஐப் பாருங்கள். அது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கேயே, அதற்கு அடுத்து 62-ஐ வையுங்கள். தலைப்புக்குள் எண் வரிசையில் அடுக்கினால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

நூலகத்தோழி
61 "புத்தகம் கிழிஞ்சிருக்கு". முதல்ல அதோடதான் சேர்த்தேன். சந்தேகத்துல பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 61 ஒரு பக்கத்தோட கடைசி வரி, 62 அடுத்த பக்கத்துல ஓரத்துல எழுதினது. அதுல இருந்து ஒரு கோடு 64-க்குப் போகுது: "கைபேசியில கத்திப் பேசறாங்க". தட்டச்சு பண்ணினவர் கோட்டைக் கவனிக்கலை. 62-ஐ "சத்தம்" தலைப்புக்கு மாத்திட்டேன், வரியில எதுவும் சேர்க்கலை, D-யில மட்டும் "64-ஐச் சுட்டுகிறது"ன்னு போட்டிருக்கேன். அப்போ 64-க்கு முன்னாடியே 62 வருது. இடத்தை மாத்தவா, எண் வரிசையிலயே விடவா?

கணக்கர்42
மாத்துங்க. படிக்கறவங்களுக்குப் புரியணும்.

பழைய மெய்ப்பாளர்
விடுங்கள். D-யில் குறிப்பு இருக்கிறதே.